ஆடிக் காற்றில் அரிக்கேன் அணைகிறது, விமான எஞ்சினுக்குள் தீ ஏன் அணையவில்லை?

பணகுடிப் பட்டறை, ஜூலை 19, இரவு 9.40

ஆடி பிறந்து மூன்று நாள்தான் ஆகிறது, காற்றாலை எல்லாம் பேய் பிடித்தாற்போல் சுற்றுகின்றன. நேற்று ராத்திரி கரண்ட் போனதும் அரிக்கேனை ஏற்றிக்கொண்டு பட்டறைப் பின்பக்கம் போனேன். நிலையைத் தாண்டுவதற்குள் அணைந்துவிட்டது. கண்ணாடியில் ஒரு விரிசல் இருந்தது, அது என் தப்பு. அப்போதுதான் என் அக்கா மகன் சொன்னான்: “மாமா, பிளேன் எஞ்சினுக்குள்ளே காற்று மணிக்கு 500 கிலோமீட்டர் வேகத்தில் போகுது, அதுக்குள்ளேதான் அதே மண்ணெண்ணெய் மாதிரி ஒண்ணு எரியுது.” எனக்குத் தூக்கம் வரவில்லை. அங்கே எது கண்ணாடி? யார் தீக்குச்சி கிழித்துக்கொண்டே இருக்கிறார்கள்? லேத்தில் 30 வருஷம் வேலை பார்த்தவன் நான், இரும்பு புரியும், தீ புரியவில்லை. தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

டிப்போ மெக்கானிக், ஜூலை 19, இரவு 10.15

இதில் என்ன அதிசயம் அண்ணாச்சி. டீசல் எஞ்சினில் யார் தீக்குச்சி வைக்கிறார்கள்? காற்றை அமுக்கினால் சூடாகும், எண்ணெய் பட்டவுடன் தானே பற்றிக்கொள்ளும். ஜெட்டிலும் கம்ப்ரசர் அதே வேலையைத்தான் செய்கிறது. காற்று எவ்வளவு வேகமாகப் போனால் என்ன.

நாங்குநேரி, ஜூலை 19, இரவு 10.50

பக்கத்தில் மகேந்திரகிரி இருக்கிறது, அங்கே ராக்கெட் எஞ்சின் டெஸ்ட் நடக்கும்போது எங்கள் வீட்டு ஜன்னல் அதிரும். அந்த எஞ்சினில் தீ அணைவதே கிடையாது. பிராண வாயுவையும் டேங்க்கில் கொண்டுபோகிறார்கள், அதனால் காற்றுத் தொந்தரவே இல்லை.

பணகுடிப் பட்டறை, ஜூலை 19, இரவு 11.05

நான் கேட்டது ராக்கெட் இல்லை அண்ணே. காற்றை இழுத்து எரிக்கிற எஞ்சின்.

வள்ளியூர் டர்பைன், ஜூலை 20, காலை 6.20

வளைகுடாவில் 26 வருஷம் கேஸ் டர்பைன் ஓட்டிவிட்டு இப்போது தோட்டத்துக்குத் தண்ணீர் பாய்ச்சுகிறவன். எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன்.

முதலில் கணக்கு. கம்ப்ரசரை விட்டு வெளியே வரும் காற்றின் வேகம் நொடிக்கு சுமார் 150 மீட்டர், மணிக்கு 540 கிலோமீட்டர். மருமகன் சொன்னது சரி. சாதாரணக் காற்றில் மண்ணெண்ணெய்த் தீ தானாக முன்னேறும் வேகம் நொடிக்கு அரை மீட்டர்கூட இல்லை, தவழும் பிள்ளை முந்திவிடும். காற்று சூடாகவும் கலங்கலாகவும் இருந்தால் அது சில மீட்டர்வரை ஏறும். ஆனாலும் 150 எங்கே, இது எங்கே.

அதனால் கம்ப்ரசருக்கும் தீக்கும் நடுவே வாய்க்கால் அகலமாவதுபோல் ஒரு விரிந்த பாதை வைப்பார்கள். வேகம் நொடிக்கு 25 மீட்டருக்கு இறங்கும். அதுவே மணிக்கு 90 கிலோமீட்டர்! நம்ம ஊர் ஆடிக்காற்றை விட மோசம். அப்புறம், வருகிற காற்று முழுவதையும் தீயிடம் விடுவதில்லை. ஐந்தில் ஒரு பங்கு, கூடிப்போனால் கால்பங்குதான் எரியும் இடத்துக்குப் போகும். மிச்சம் தகரக் குடுவையைச் சுற்றிப் போய்ப் பின்னால் ஓட்டை வழியாக உள்ளே வந்து, தீயைக் குளிரவைத்து டர்பைனுக்குத் தரும். அந்தக் குடுவைதான் நீங்கள் கேட்ட கண்ணாடி.

தீக்குச்சிக்குப் பதில்: யாரும் கிழிப்பதில்லை. எரிந்த புகையே திரும்பி வந்து புதுசைப் பற்றவைக்கிறது. எப்படித் திரும்புகிறது என்பதுதான் விஷயம், அதைச் சாயங்காலம் எழுதுகிறேன். மோட்டார் போட நேரமாகிவிட்டது.

டிப்போ மெக்கானிக், ஜூலை 20, காலை 8.30

நான் சொன்னது தப்பா அப்போ?

வள்ளியூர் டர்பைன், ஜூலை 20, மாலை 6.45

பாதி சரி தம்பி. அமுக்கினால் சூடாகும், உண்மை. நான் ஓட்டிய மெஷினில் காற்றழுத்தம் 12 மடங்கு, வெளியே வரும் காற்று 350 டிகிரியைச் சுற்றி இருக்கும். அந்தச் சூட்டில் எண்ணெய் தானே பற்றலாம், ஆனால் உடனே பற்றாது. டீசல் சிலிண்டரில் எண்ணெய் தப்பிக்க வழியில்லை, காத்திருக்கும். இங்கே அது பற்ற நினைப்பதற்குள் டர்பைனைத் தாண்டிப் போயிருக்கும்.

இப்போது திரும்பி வரும் கதை. திருநெல்வேலியில் குறுக்குத்துறைக்குப் போயிருக்கிறீர்கள்தானே. ஆற்றில் தண்ணீர் கூடுதலாக வரும்போது கல் மண்டபத்துத் தூணுக்குப் பின்பக்கம் பாருங்கள். பூவோ இலையோ அங்கே மாட்டினால் கீழே போகாது, சுற்றிச் சுற்றித் தூணைப் பார்த்தே திரும்பி வரும். ஆறு கிழக்கே போகிறது, அந்த ஒரு முழ இடம் மட்டும் மேற்கே போகிறது. போர் விமானத்தின் பின்னெரிப்பில் இதையேதான் செய்கிறார்கள்: ஆங்கில வி எழுத்துபோல் மடித்த தகட்டைக் காற்றுக்குக் குறுக்கே நிறுத்தி, அதன் நிழலில் தீயைக் குடியேற்றுகிறார்கள்.

முக்கிய எரிகலனில் தூணுக்குப் பதில் சுழல். எண்ணெய் தெளிக்கும் நாசிலைச் சுற்றிச் சாய்ந்த தகடுகள், ஸ்வர்லர் என்போம். அதன் வழியே வரும் காற்று பம்பரம்போல் சுற்றிக்கொண்டு நுழையும். சுற்றும் காற்று வெளிப்பக்கம் ஒதுங்கும், நடுவில் அழுத்தம் குறையும். கொஞ்சதூரம் போனதும் சுழல் விரிந்து சுற்று தளரும், அங்கே நடுவில் அழுத்தம் மறுபடி ஏறிவிடும். முன்னே அழுத்தம் குறைவு, பின்னே அதிகம். அப்புறம் என்ன, நடுவில் இருக்கிற எரிந்த புகை நாசிலைப் பார்த்துத் திரும்பி ஓடிவரும். சுமார் 2000 டிகிரியில் இருக்கும் புகை. புதிதாகத் தெளித்த எண்ணெய் அதன் மேல் போய் விழுகிறது. தீக்குச்சி அதுதான்.

பணகுடிப் பட்டறை, ஜூலை 20, இரவு 8.10

மாடக்குழி! எங்கள் ஆச்சி வீட்டுத் திண்ணைச் சுவரில் இருந்தது. எவ்வளவு காற்றடித்தாலும் அதற்குள் வைத்த அகல் அணையாது.

வள்ளியூர் டர்பைன், ஜூலை 20, இரவு 8.25

கிட்டத்தட்ட. ஆனால் மாடக்குழி தீயை ஒளித்து மட்டும்தான் வைக்கிறது. இங்கே ஒளிவிடத்தில் சுற்றுவதே நெருப்புப் புகை, புதுசுக்கு ஊட்டிக்கொண்டே இருக்கிறது. குழியில் அகல் ஒருமுறை அணைந்தால் அணைந்ததுதான்.

ஏரோ மாணவி, மேலப்பாளையம், ஜூலை 20, இரவு 9.30

அண்ணாச்சி, ரெண்டு திருத்தம்.

நொடிக்கு 25 மீட்டர் என்றது உறைக்குள் சராசரி. தகடுகளின் இடுக்கிலும் குடுவை ஓட்டையிலும் காற்று மறுபடி வேகம் பிடிக்கும். குடுவைச் சுவரில் அழுத்தம் 3 சதவீதம் விழுகிறது என்று வைத்துக் கணக்குப் போட்டேன், நொடிக்கு 100 மீட்டர் வருகிறது. ஆக, காற்றை மெதுவாக்கியதால் தீ நிற்கிறது என்று படிப்பவர்கள் நினைத்துவிடக் கூடாது.

ரெண்டாவது, டிப்போ அண்ணனை முழுசாகத் தள்ளாதீர்கள். ஜிடி24, ஜிடி26 என்று மின்நிலைய டர்பைன்கள் உண்டு. அவற்றில் ஒரு டர்பைன் வரிசைக்குப் பின்னால் இரண்டாவது எரிகலன். அங்கே வரும் புகையே சுமார் 1000 டிகிரி, எரிபொருள் பட்டதும் தானே பற்றிக்கொள்கிறது. பற்றவைக்க ஸ்பார்க் கிடையாது.

டிப்போ மெக்கானிக், ஜூலை 20, இரவு 9.34

😎

வள்ளியூர் டர்பைன், ஜூலை 21, காலை 6.05

சரிதான் தாயி. ராத்திரி படுத்துக்கொண்டு யோசித்தேன். மெதுவாக்குவதை முதலில் சொன்னது என் பிழை. மெதுவாக்குவதில் பாதி காரணம் தீக்காகவே இல்லை, வேகமான காற்றில் சூடேற்றினால் கம்ப்ரசர் பாடுபட்டுச் சேர்த்த அழுத்தம் வீணாகிப் போகும் என்பதற்காக. தீயை நிறுத்துவது திரும்பி வரும் புகைதான். ஜிடி26 நான் தொட்டதில்லை.

அல்வாக் கடை, ஜூலை 21, காலை 10.40

நெல்லைச் சந்திப்புப் பக்கம் கடை. எங்கள் பெரிய கேஸ் அடுப்பில் தீ பர்னரை விட்டு ஒரு விரல் தூக்கி எரிகிறது, புஸ்ஸென்று அணைகிறது. கோதுமைப்பால் பாதியில் நின்றால் அல்வா போச்சு. சுழல் தகடு போட்டால் சரியாகுமா?

வள்ளியூர் டர்பைன், ஜூலை 21, காலை 11.30

அதே வியாதி அண்ணாச்சி, வேறு வைத்தியம். ஓட்டையில் இருந்து கலவை வரும் வேகம் தீ முன்னேறும் வேகத்தை மிஞ்சினால் தீ தூக்கும். தகடெல்லாம் வேண்டாம். முதலில் ரெகுலேட்டரைக் குறையுங்கள். பர்னர் கழுத்தில் காற்று மூடி ஒன்று திருகும், அதைக் கொஞ்சம் மூடிப் பாருங்கள். பெரிய ஓட்டைகளைச் சுற்றிப் பொடி ஓட்டைகள் இருந்தால் குச்சி விட்டுச் சுத்தம் செய்யுங்கள், அந்தப் பொடித் தீதான் பெரிய தீயைப் பிடித்து வைக்கிறது. கேஸ் வாசம் வந்தால் எதையும் தொடாமல் டீலரைக் கூப்பிடுங்கள்.

சேரன்மகாதேவி வாத்தியார், ஜூலை 21, இரவு 7.15

எல்லோரும் சுற்றி வளைக்கிறீர்கள். ஸ்பார்க் பிளக் விடாமல் பொறி தந்துகொண்டே இருக்கிறது. தொடர் இக்னிஷன் என்று காக்பிட்டில் சுவிட்சே உண்டு, பைலட் ஒருவரின் பேட்டியில் கேட்டேன்.

வள்ளியூர் டர்பைன், ஜூலை 21, இரவு 8.50

சுவிட்ச் உண்டு சார், எப்போதும் போடுவதில்லை. பேய்மழை, ஆலங்கட்டி மாதிரி நேரத்தில் ஒரு காவலுக்குப் போடுவது. என் மெஷினில் பத்து எரிகலன், வட்டமாக அடுக்கியிருக்கும். ஸ்பார்க் பிளக் இரண்டில் மட்டும்தான். மற்ற எட்டும் பக்கத்துக் கேனோடு இணைக்கும் குழாய் வழியாகப் பற்றும்: ஒன்று பற்றியதும் அதில் அழுத்தம் கொஞ்சம் ஏறும், நெருப்பு குழாய் வழியே பக்கத்து வீட்டுக்குப் பாயும். அந்த இரண்டு பிளக்கும்கூட, மெஷின் வேகம் பிடித்ததும் உள்ளழுத்தம் தள்ளி வெளியே ஒதுங்கிவிடும். ஸ்பிரிங் ஒன்று உள்ளே தள்ளும், அழுத்தம் அதை மீறி வெளியே தள்ளும். தீக்கு வெளியே ஒதுங்கி நிற்கிற பிளக் எதைப் பற்றவைக்கும்? மாதக்கணக்கில் அப்படியே ஓடியிருக்கிறது.

பணகுடிப் பட்டறை, ஜூலை 22, மதியம் 1.20

அப்போ இந்தத் தீ அணையவே அணையாதா? நீங்கள் பார்த்து அணைந்ததுண்டா?

வள்ளியூர் டர்பைன், ஜூலை 22, இரவு 10.30

உண்டு. நீளமாக எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

மின்நிலைய டர்பைன் ஒரே வேகத்தில் சுற்றும், கிரிட் அப்படிக் கட்டிப் போட்டிருக்கும். வேகம் மாறாததால் காற்றும் பெரிதாக மாறாது. லோடைக் கூட்டக் குறைக்க எண்ணெயை மட்டும்தான் திருப்புவோம். முழு லோடில் ஒரு கிலோ எண்ணெய்க்கு 50 கிலோ காற்று என்று வையுங்கள். எரியும் இடத்துக்குக் கால்பங்கு போகிறது, அங்கே 12 கிலோ. எண்ணெய் சரியாக எரிய 15 கிலோ காற்று போதும். ஆக அங்கே கொழுப்பான தீ. லோடே இல்லாமல் சும்மா சுற்றும்போது எண்ணெய் மூன்றில் ஒன்றுக்கும் கீழே. அதே இடத்தில் இப்போது ஒரு கிலோவுக்கு 40 கிலோவுக்கு மேல் காற்று. நன்றாகக் கலந்து வைத்தால் இந்தக் கலவை எரிவதே சந்தேகம். எரிகிறது, ஏனென்றால் நன்றாகக் கலப்பதில்லை! நாசில் வாயருகே துளியைச் சுற்றி இன்னும் கொழுப்பான இடம் இருக்கிறது, தீ அங்கே ஒண்டிக்கொள்கிறது.

ஒரு ராத்திரி ஷிஃப்ட். 30 மெகாவாட் ஓடிக்கொண்டிருந்தது. வெளியே எங்கோ கோளாறு, பிரேக்கர் திறந்துவிட்டது. தள்ளுவண்டியை முட்டுக்கொடுத்துத் தள்ளும்போது எதிர்ப்பக்கம் சட்டென்று விட்டாற்போல். வேகம் 104 சதவீதம் ஏறியது. அது பயமில்லை, 110 தொட்டால்தான் மெஷினே நிறுத்திக்கொள்ளும். வேகத்தைப் பிடிக்கக் கவர்னர் எண்ணெயை அடிமட்டத்துக்கு வெட்டும். அந்த அடிமட்டத்துக்கு ஓர் அளவு வைத்திருப்போம்: அதிகமாக வைத்தால் வேகம் அடங்காது, குறைத்து வைத்தால் தீ போய்விடும். எங்களுக்குத் தீ போய்விட்டது. “ஃபிளேம் லாஸ்” என்று டிரிப்.

சின்னப் பையன்கள் எல்லோரும் கண்ணைக் குறை சொன்னார்கள். தீ இருக்கிறதா என்று பார்க்கப் புற ஊதாக் கண்கள் நான்கு உண்டு. கண்ணாடியில் கரி படிந்திருக்கும், தீ இருந்தும் இல்லை என்று சொல்லியிருக்கும் என்றார்கள். நடக்கிற விஷயம்தான். ஆனால் புகை வெளியேறும் இடத்தில் சுற்றிவர வெப்பமானிகள் இருக்கின்றன, அவை கண்ணைக் கேட்டுச் சொல்வதில்லை. கண் பொய் சொல்லியிருந்தால், எண்ணெய் வால்வு மூடிய பிறகுதான் வெப்பம் விழ வேண்டும், சுற்றிவர ஒரே மாதிரி விழ வேண்டும். பதிவை விரித்துப் பார்த்தேன். அடுத்தடுத்து இருக்கிற மூன்று வெப்பமானிகள் முதலில் விழுந்திருந்தன, வால்வு மூடுவதற்கு முன்பே. அந்தப் பக்கத்துக் கேன் நிஜமாகவே அணைந்து, பிறகு மற்றவை.

இருக்கிற கேன் பக்கத்துக் கேனைப் பற்றவைத்திருக்கக் கூடாதா என்று கேட்பீர்கள். எல்லாமே அணைகிற விளிம்பில் இருந்தபோது யாரிடம் கூடுதல் அழுத்தம்? எல்லோரும் கடன்காரர்கள்.

காரணம் அசிங்கமானது. முந்தின வாரம் பராமரிப்பில் எண்ணெய் வால்வைக் கழற்றி மாட்டி அளவீடு செய்திருந்தார்கள். மேல்பக்கம் சரியாக வைத்தவர்கள் அடிப்பக்கத்தைப் பார்க்கவில்லை. திரை காட்டிய அடிமட்டத்தில் மூன்றில் இரண்டுதான் நிஜத்தில் போயிருக்கிறது. யார் செய்தது என்று எழுத விரும்பவில்லை. செக்லிஸ்டில் என் கையெழுத்தும் இருந்தது.

ஏரோ மாணவி, மேலப்பாளையம், ஜூலை 23, காலை 7.50

இதைத்தான் எங்களுக்கு நேரத்தை நேரத்தோடு ஒப்பிடுவதாகச் சொல்லித்தந்தார்கள். ஒரு சாண் அகலக் குடுவையில் நொடிக்கு 25 மீட்டர் என்றால் புகை கடக்க சுமார் 10 மில்லிநொடி. நல்ல கலவை சூட்டில் எரிய ஒரு மில்லிநொடி போதும். எண்ணெய் மெலிய மெலிய எரிய ஆகும் நேரம் நீண்டு, இரண்டும் சமமானால் தீ அவ்வளவுதான். எரிந்து முடிக்காத புகை திரும்பி வந்தால் பற்றவைக்காது, குளிரத்தான் வைக்கும்.

அண்ணாச்சி, உங்கள் கேஸில் அணைந்தது எரிய நேரம் போதாமலா, எண்ணெய் குறைந்ததும் நாசில் சரியாகத் தெளிக்காமல் பெரிய துளியாக விழுந்ததாலா?

வள்ளியூர் டர்பைன், ஜூலை 23, காலை 9.10

அதைப் பதிவை வைத்துச் சொல்ல முடியாது. நாசிலில் காற்றால் உடைக்கும் வகை போட்டிருந்தோம், அதனால் துளி என் சந்தேகப் பட்டியலில் கீழே. உன் வாதத்தை மறுக்கவும் என்னிடம் ஆதாரமில்லை.

நாங்குநேரி, ஜூலை 23, இரவு 7.00

மழையில் பிளேன் எஞ்சின் அணையுமா? வரும் மாதம் மகளைப் பார்க்க துபாய் போகிறேன். இந்த இழையை ஏன் படித்தேன் என்று இருக்கிறது.

ஏரோ மாணவி, மேலப்பாளையம், ஜூலை 23, இரவு 8.20

குற்றாலச் சாரலுக்கெல்லாம் அணையாது மாமா. 1988 மே 24 அன்று டாகா 110 என்ற 737 விமானம் நியூ ஆர்லியன்ஸுக்கு இறங்கும்போது ஆலங்கட்டி மழைக்குள் போனது, இரண்டு எஞ்சினும் அணைந்தன. இறங்கும்போது எண்ணெய் ஏற்கனவே குறைந்த அளவில், அதாவது அண்ணாச்சி சொன்ன விளிம்புக்குப் பக்கத்தில். அதோடு தண்ணீர் ஆவியாகச் சூட்டையும் பிடுங்கிக்கொண்டது. பைலட் ஒரு கரையோரப் புல்வெளியில் இறக்கினார், 45 பேரும் பிழைத்தார்கள். அதற்கப்புறம் அந்த வகை எஞ்சினில் முன்மூக்கின் வடிவத்தை மாற்றி ஆலங்கட்டியை வெளிப்பக்கம் ஒதுக்கினார்கள், அந்த மாதிரி மழையில் எஞ்சினை ரொம்பக் குறைக்கக் கூடாது என்றும் வைத்தார்கள். நீங்கள் போகும் விமானம் எல்லாம் அதற்குப் பின்னால் வந்த பாடத்தோடுதான் பறக்கிறது.

அல்வாக் கடை, ஜூலை 24, காலை 6.30

காற்று மூடியைப் பாதி மூடினேன். தீ இப்போது தூக்குவதில்லை. ஆனால் மஞ்சளாகி உருளி அடியெல்லாம் கரி.

வள்ளியூர் டர்பைன், ஜூலை 24, காலை 7.15

ரொம்ப மூடிவிட்டீர்கள். கால் திருகு திறங்கள். நீலம் வரும்போது நிறுத்துங்கள்.

பணகுடிப் பட்டறை, ஜூலை 26, இரவு 9.00

நான் கேட்டதை நம்ப முடியாமல் செய்து பார்த்துவிட்டேன். தீ இல்லை, பயப்படாதீர்கள், சாம்பிராணிப் புகை மட்டும். உலைக்கு வைத்திருக்கும் புளோயர் வாயில் நாலு அங்குலக் குழாய் மாட்டி, அதன் நுனியில் தகரத்தில் எட்டுத் தகடு வெட்டிச் சாய்த்து வைத்தேன். எதிரே ஒரு பெரிய டின், இரண்டு பக்கமும் திறந்தது. டின் நடுவே ஒரு குச்சி நுனியில் புகை.

தகடு இல்லாமல்: புகை நேரே ஓடியது. 30 டிகிரி சாய்த்தேன்: புகை சுற்றியது, ஆனாலும் வெளியேதான் போனது. 45 டிகிரி: புகை டின் நடுவில் புளோயரைப் பார்த்துத் திரும்பி வந்தது! காற்று எதிரே அடிக்கிறது, புகை அதன் முகத்துக்கே வருகிறது. அக்கா மகன் வீடியோ எடுத்தான், கை நடுங்கி ஒன்றும் தெரியவில்லை.

ஏரோ மாணவி, மேலப்பாளையம், ஜூலை 26, இரவு 9.45

சூப்பர் மாமா! சுழலின் பலத்துக்கு ஓர் எண் உண்டு. தட்டையான தகடு என்றால் கோணத்தின் டேன்ஜென்டில் சுமார் மூன்றில் இரண்டு பங்கு. 30 டிகிரிக்கு 0.38, 45-க்கு 0.67. சுமார் 0.6 தாண்டினால்தான் நடுவில் திரும்பும் என்று படித்திருக்கிறோம். நீங்கள் இரண்டு பக்கமும் பிடித்துவிட்டீர்கள்.

டிப்போ மெக்கானிக், ஜூலை 26, இரவு 10.00

அப்போ 60 டிகிரி வைத்தால் இன்னும் நல்லதுதானே?

வள்ளியூர் டர்பைன், ஜூலை 27, காலை 6.10

புகை நன்றாகத் திரும்பும், ஆனால் சும்மா கிடைக்காது. இடுக்கு குறுகும், புளோயர் முனகும், அதே காற்றுக்குக் கூடுதல் அழுத்தம் செலவாகும். எஞ்சினில் அது எண்ணெய்ச் செலவு. தீ நாசிலுக்கு ரொம்பக் கிட்டே வந்து உட்கார்ந்தால் நாசில் நுனி கருகும், அப்படி இரண்டு நாசிலை நானே மாற்றியிருக்கிறேன். பட்டறை, நீங்கள் ஒரு 60 வெட்டிப் பார்த்துச் சொல்லுங்கள், புளோயர் சத்தம் மாறுகிறதா என்று.

பணகுடிப் பட்டறை, ஜூலை 27, இரவு 8.30

தகரம் தீர்ந்துவிட்டது. சனிக்கிழமை வள்ளியூர் வருகிறேன், வாங்கிக்கொண்டு உங்கள் தோட்டத்துப் பக்கமும் எட்டிப் பார்க்கிறேன். வரும்போது அரிக்கேனுக்கு ஒரு கண்ணாடியும் வாங்க வேண்டும்.